ஆபீஸ் கார் சொந்தப் பயணத்துக்கும் ஓடினால்... ரூ.32,400-க்கு ரூ.28,496 வரி வருவது எப்படி?

சங்கரன்கோவிலில் குடியிருக்கும் ஒரு விற்பனை மேலாளர் என்று வைத்துக்கொள்வோம். விசைத்தறிகளுக்கு நூல் விற்கும் கம்பெனியில் வேலை. ராஜபாளையம், புளியங்குடி, தென்காசி, திருநெல்வேலி என்று தினமும் சுற்ற வேண்டும் என்பதால் கம்பெனி ஒரு கார் கொடுத்திருக்கிறது. டிரைவர் சம்பளம், பெட்ரோல், சர்வீஸ் எல்லாம் கம்பெனி கணக்கு. ஞாயிற்றுக்கிழமை அதே காரில் குடும்பத்தோடு குற்றாலம் போவார். ஆடித்தபசுக்கு ஊருக்கு வரும் சொந்தக்காரர்களை ரயில்வே ஸ்டேஷனில் இருந்து கூட்டி வருவதும் அதே கார்தான். கம்பெனிக்கும் இது தெரியும். யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

அவருடைய ஆண்டுச் சம்பளம் ரூ.12,70,000. ‘12 லட்சத்து 75 ஆயிரம் வரைக்கும் வரி கிடையாது’ என்று பட்ஜெட் நேரத்தில் டி.வி.யில் பார்த்தவர், நிம்மதியாக இருந்தார். நிதியாண்டு முடிந்து படிவம் 16 கைக்கு வந்தபோது பிடித்தம் ரூ.28,496 என்று இருந்தது.

ஆடிட்டரிடம் போய், “சார், கார் கம்பெனிது. ஆர்.சி. புக்கு கம்பெனி பேர்ல இருக்கு. நான் ஒரு பைசா கையில வாங்கல. எனக்கு எதுக்கு வரி?” என்று கேட்டால், அவர் முதலில் காட்டுவது படிவம் 16-ன் பகுதி ‘பி’யில் சம்பளத்துக்கு அடுத்து இருக்கும் வரியைத்தான். பிரிவு 17(2)-ன்படி சலுகைகளின் மதிப்பு: ரூ.32,400. கணக்கு முழுவதும் இந்த ஒற்றை எண்ணில்தான் மாறியிருக்கிறது.

(இந்த மேலாளர் உதாரணத்துக்காகச் சொல்லப்படுபவர். கணக்கு 2025-26 நிதியாண்டுக்கான உண்மையான விதிகளின்படி போடப்பட்டது.)

ரூ.32,400 எங்கிருந்து வந்தது?

சம்பளம் என்றால் வங்கியில் விழும் பணம் மட்டுமல்ல. முதலாளி கொடுக்கும் வீடு, கார், வட்டி குறைந்த கடன் போன்றவையும் சம்பளத்தின் பகுதிதான் என்கிறது வருமான வரிச் சட்டம். பணமாக வராத இந்த வசதிக்கு ஒரு ரூபாய் மதிப்பு போட்டு, அதைச் சம்பளத்தோடு கூட்டி, மொத்தத்துக்கு வரி கணக்கிடுவார்கள். கம்பெனி வட்டாரத்தில் இதற்கு ‘பெர்க்விசிட்’, சுருக்கமாக ‘பெர்க்ஸ்’ என்று பெயர்.

மதிப்பு போடுவதுதான் சிக்கல். ஒரே காரில் காலையில் ஆபீஸ் வேலை, சாயங்காலம் பிள்ளையின் டியூஷன். இதில் எத்தனை கிலோமீட்டர் யாருக்கு என்று பிரிக்கப் போனால் முடிவே இருக்காது. அதனால் வருமான வரி விதிகள், 1962-ல் உள்ள 3-வது விதி, ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறது. கார் கம்பெனியுடையது, ஆபீஸ் வேலைக்கும் சொந்த வேலைக்கும் கலந்து ஓடுகிறது, செலவு முழுவதும் கம்பெனி கொடுக்கிறது என்றால், இன்ஜின் 1.6 லிட்டருக்குள் இருந்தால் மாதம் ரூ.1,800, அதற்கு மேல் போனால் ரூ.2,400. டிரைவரும் கொடுத்தால் கூடுதலாக மாதம் ரூ.900. அவ்வளவுதான்.

மேலாளரின் கார் 1.5 லிட்டர் இன்ஜின். மாதம் 1,800 + 900 = ரூ.2,700. பன்னிரண்டு மாதத்துக்கு ரூ.32,400.

இதில் காரின் விலைக்கு இடமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 1.2 லிட்டர் ஸ்விஃப்டுக்கும் 1.5 லிட்டர் கிரெட்டாவுக்கும் ஒரே தொகைதான். மாதம் 200 கிலோமீட்டர் சொந்தமாக ஓட்டினாலும் 2,000 கிலோமீட்டர் ஓட்டினாலும் மாறாது. கம்பெனி காரை வாங்காமல் லீசுக்கு எடுத்துக் கொடுத்தாலும் இதே கணக்குதான். பிரிட்டனில் இப்படி இல்லை. அங்கே காரின் பட்டியல் விலையில், புகை அளவைப் பொறுத்து ஒரு சதவீதம் போடுகிறார்கள். ஜெர்மனியில் பொதுவாக மாதத்துக்குப் பட்டியல் விலையில் 1 சதவீதம். அந்த ஊர்களில் விலை கூடிய கார் கேட்டு வாங்கினால் வரியும் கூடவே ஏறும். இங்கே இன்ஜின் அளவு மட்டும்தான் பார்வை.

இந்த 1,800-ம் 2,400-ம் 2009-ல் வைத்த தொகைகள். அதற்கு முன்னால் 2005 முதல் சில ஆண்டுகள் இந்தச் சுமை ஊழியர் தலையில் இல்லை. ‘ஃபிரிஞ்ச் பெனிஃபிட் டாக்ஸ்’ என்ற பெயரில் கம்பெனிகளிடமே வசூலித்தார்கள். 2009 பட்ஜெட்டில் அது எடுக்கப்பட்டதும் வரி மறுபடியும் ஊழியர் பக்கம் திரும்பியது. அந்த டிசம்பரில் வந்த அறிவிக்கைதான் இந்தத் தொகைகளைக் கொண்டுவந்தது. பெட்ரோல் விலை அன்று இன்றைய விலையில் பாதி அளவுதான். 2025-26 வரை தொகை அப்படியே நின்றதால், நிறையப் பேருக்கு இது உண்மையில் மலிவான பேரம். மாதம் ரூ.20,000 செலவு வைக்கும் வசதி, வரிக் கணக்கில் ரூ.2,700 என்றுதான் எழுதப்படுகிறது.

இப்படி எல்லோருக்கும் ஒரே அளவுகோல் வைப்பது சரியா என்ற கேள்வி, காரை ஒட்டி அல்ல, வங்கி ஊழியர்களின் குறைந்த வட்டிக் கடனை ஒட்டி உச்ச நீதிமன்றம் வரை போனது. அகில இந்திய வங்கி அதிகாரிகள் கூட்டமைப்பு தொடுத்த அந்த வழக்கில் 2024 மே மாதம் தீர்ப்பு வந்தது. ஒரே அளவுகோல் வைத்தால் வழக்கும் குழப்பமும் குறையும் என்று சொல்லி, அதே 3-வது விதியின் முறையை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. எனவே ‘நான் அவ்வளவு ஓட்டவே இல்லையே’ என்ற வாதம், கலந்து ஓடும் காருக்கு எடுபடாது.

மலிவான பேரம் எப்படிக் கடிக்கிறது?

ரூ.32,400 வருமானம் கூடினால் அதில் அஞ்சோ பத்தோ சதவீதம்தானே வரி வரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். மேலாளருக்கு வந்தது கிட்டத்தட்ட 88 சதவீதம். காரணம், அவர் நின்ற இடம்.

கார் இல்லாவிட்டால் கணக்கு இப்படி இருந்திருக்கும்: சம்பளம் ரூ.12,70,000. புதிய வரி முறையில் நிலையான கழிவு ரூ.75,000 போக, வரிக்குரிய வருமானம் ரூ.11,95,000. இது 12 லட்சத்துக்குள் இருப்பதால் பிரிவு 87ஏ தள்ளுபடி கிடைத்து, வரி பூஜ்யம்.

கார் சேர்ந்ததும் சம்பளம் ரூ.13,02,400. கழிவு போக ரூ.12,27,400. கோட்டை ரூ.27,400 தாண்டிவிட்டது. தள்ளுபடி போய்விடும். அட்டவணைப்படி வரி போட்டால் 4 முதல் 8 லட்சத்துக்கு ரூ.20,000, 8 முதல் 12 லட்சத்துக்கு ரூ.40,000, மிச்சம் 27,400-க்கு 15 சதவீதம் ரூ.4,110. ஆக ரூ.64,110. கொஞ்சம் தாண்டியதற்கு இவ்வளவு பெரிய அடி விழக்கூடாது என்று சட்டத்தில் ஒரு தடுப்பு இருக்கிறது. 12 லட்சத்துக்கு மேல் எவ்வளவு கூடியதோ, வரி அதற்கு மேல் போகக்கூடாது. எனவே வரி ரூ.27,400. அதன் மேல் 4 சதவீத செஸ் ரூ.1,096. மொத்தம் ரூ.28,496.

தடுப்பு இருந்தும் நடப்பது என்ன? வரிக்குரிய வருமானம் 12 லட்சத்துக்கும் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் நடுவில் இருப்பவருக்கு, கூடும் ஒவ்வொரு ரூபாயும் அப்படியே வரியாகப் போகிறது. செஸ்ஸோடு சேர்த்தால் ஒரு ரூபாய்க்கு 104 பைசா. பணமாக வந்த ரூபாய் என்றால் வந்ததைக் கொடுத்துவிட்டோம் என்று விடலாம். காரின் மதிப்பு பணமாக வரவே இல்லை. வரியை மட்டும் வங்கியில் விழும் சம்பளத்தில் இருந்து பிடிப்பார்கள்.

டிரைவர் கணக்கைத் தனியாகப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகப் புரியும். மேலாளர் காரைத் தானே ஓட்டியிருந்தால் கூடும் தொகை ரூ.21,600 மட்டும். வரிக்குரிய வருமானம் ரூ.12,16,600, வரி செஸ்ஸோடு ரூ.17,264. டிரைவருக்காகக் கூடிய ரூ.10,800-க்கு அவர் கட்டியது ரூ.11,232.

இந்த இடத்தில் நிற்காதவர்களுக்கு இவ்வளவு வலி இல்லை. ஆண்டுக்கு ரூ.20 லட்சம் சம்பளம் வாங்குபவருக்கு அதே ரூ.32,400-க்கு வரி செஸ்ஸோடு சுமார் ரூ.6,740. ரூ.11 லட்சம் வாங்குபவருக்கு, வேறு வருமானம் இல்லையென்றால், கார் சேர்ந்த பிறகும் வரி பூஜ்யம்தான். 12 லட்சத்து 43 ஆயிரத்துக்கும் 12 லட்சத்து 75 ஆயிரத்துக்கும் நடுவில் சம்பளம் இருப்பவர்தான், இப்படி ஒரு கார் கிடைத்ததாலேயே கோட்டைத் தாண்டுகிறவர். வங்கி வட்டி போல வேறு வருமானம் இருந்தால் அதையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும்.

சொந்த ஓட்டத்துக்கு நாமே பெட்ரோல் போட்டால்?

அதற்கும் விதியில் ஒரு தனிக் கட்டம் இருக்கிறது. கார் கம்பெனியுடையது, ஆனால் சொந்தப் பயணத்துக்கான ஓட்டச் செலவு, பராமரிப்புச் செலவு முழுவதையும் ஊழியரே ஏற்கிறார் என்றால், 1.6 லிட்டருக்குள் மாதம் ரூ.600, மேல் போனால் ரூ.900. டிரைவருக்கு அதே கூடுதல் ரூ.900.

மேலாளர் தானே ஓட்டி, ஞாயிற்றுக்கிழமைப் பெட்ரோலைத் தன் காசில் போட்டிருந்தால் கூடுவது ரூ.7,200. வரிக்குரிய வருமானம் ரூ.12,02,200, வரி செஸ்ஸோடு ரூ.2,288. முழுச் செலவும் கம்பெனி கொடுத்ததற்கு வந்த ரூ.17,264-ஐ விட ரூ.14,976 குறைவு. மாதக் கணக்கில் ரூ.1,248.

அப்படியானால் எல்லோரும் இதற்கு மாறிவிடலாமா என்றால், இல்லை. சொந்த ஓட்டத்துக்கு மாதம் ரூ.1,248-க்குக் குறைவாகப் பெட்ரோலும் தேய்மானச் செலவும் ஆகிறவருக்குத்தான் இது லாபம். குற்றாலத்துக்கும் திருச்செந்தூருக்கும் அடிக்கடி போகிறவர் ரெண்டே ட்ரிப்பில் அதைத் தாண்டிவிடுவார். அவர் பேசாமல் ரூ.17,264 கட்டிவிட்டுப் போகலாம்.

இதில் பலர் செய்யும் ஒரு தவறு உண்டு. முழுச் செலவையும் கம்பெனியே போடட்டும், அதற்குப் பதிலாக மாதம் ரூ.1,000 சம்பளத்தில் பிடித்துக்கொள்ளட்டும் என்று ஒப்பந்தம் பேசுவார்கள். கலந்து ஓடும் காருக்கு இது உதவாது. 1,800, 2,400 என்ற நிலையான தொகையில் இருந்து ஊழியரிடம் பிடித்த பணத்தைக் கழிக்க விதி இடம் தரவில்லை. பிடித்ததும் போகும், முழுத் தொகையும் கூடும்.

கார் ஊரில், வேலை சென்னையில்

மேலே சொன்ன மலிவுத் தொகை எல்லாம் கார் ‘கலந்து’ ஓடினால்தான். முழுக்க முழுக்கச் சொந்த உபயோகம் என்றால் கணக்கே வேறு. தென் மாவட்டங்களில் இது சகஜமாக நடக்கும் ஒன்று. கம்பெனி சென்னையில் ஒரு அதிகாரிக்குக் கார் கொடுக்கிறது. அவரோ அங்கே மெட்ரோவில் ஆபீஸ் போகிறார். காரும் டிரைவரும் சங்கரன்கோவில் வீட்டில், அப்பா அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக நிற்கிறது.

அப்போது 1,800 கணக்கு செல்லாது. ஆண்டு முழுக்க ஆன உண்மையான செலவு அத்தனையும், டிரைவர் சம்பளம் உட்பட, சம்பளத்தில் கூடும். அதோடு காரின் வாங்கிய விலையில் ஆண்டுக்கு 10 சதவீதம் தேய்மானம். ரூ.12 லட்சம் கார், மாதம் ரூ.15,000 டிரைவர் சம்பளம், மாதம் ரூ.8,000 பெட்ரோலும் பராமரிப்பும் என்றால், தேய்மானம் 1,20,000 + டிரைவர் 1,80,000 + ஓட்டச் செலவு 96,000 = ரூ.3,96,000. அதே கார் சென்னையில் ஆபீஸ் வேலைக்கும் ஓடியிருந்தால் ரூ.32,400-தான். இந்த வகையில் மட்டும், கம்பெனி ஊழியரிடம் பிடித்த தொகையைக் கழித்துக்கொள்ளலாம். ஒன்றுக்கு மேற்பட்ட கார் கொடுத்திருந்தாலும், ஒரு காருக்குத்தான் மலிவுத் தொகை. மற்றது முழுச் சொந்த உபயோகம் போலவே கணக்கிடப்படும்.

இதற்கு நேர் எதிர்முனை, கார் முழுக்க ஆபீஸ் வேலைக்கு மட்டும் ஓடுவது. அப்போது கூடுவது ஒன்றும் இல்லை. ஆனால் வாய்ச்சொல் போதாது. ஒவ்வொரு பயணத்துக்கும் தேதி, போன இடம், ஓடிய கிலோமீட்டர், ஆன செலவு ஆகியவை எழுதிய பதிவேடு வேண்டும். செலவு முழுவதும் அலுவலகப் பணிக்கே என்று கம்பெனியின் சான்றிதழும் வேண்டும். மார்ச் மாதக் கடைசியில் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் வருஷம் முழுவதற்கும் எழுதிய லாக் புக்கை அதிகாரி ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். ஃபாஸ்டேக் பதிவு ஒன்று போதும், எந்த ஞாயிற்றுக்கிழமை எந்த டோல்கேட்டைத் தாண்டியது என்று காட்ட. வீட்டில் இருந்து ஆபீஸ், ஆபீஸில் இருந்து வீடு என்ற ஓட்டத்தை மட்டும் சட்டமே சலுகையாகக் கருதுவதில்லை.

யாருக்கு இந்தக் கவலை இல்லை?

கம்பெனி கார் கிடைத்த எல்லோருக்கும் இந்த வரி கிடையாது. இயக்குநர்கள், கம்பெனியில் கணிசமான பங்கு வைத்திருப்பவர்கள், குறிப்பிட்ட அளவுக்கு மேல் சம்பளம் வாங்குபவர்கள் என்று மூன்று வகையினருக்குத்தான். அந்தச் சம்பள அளவு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆண்டுக்கு ரூ.50,000 என்றே இருந்தது. அதாவது நடைமுறையில் எல்லோரும். 2025 ஆகஸ்ட் அறிவிக்கையில்தான் அது ரூ.4 லட்சமாக உயர்ந்தது. மாதம் ரூ.30,000 வாங்கும் ஒரு களப் பணியாளர் கம்பெனி காரைச் சொந்தத்துக்கும் எடுத்தால், அவருக்கு இனி இந்தத் தொகை கூடாது.

இயக்குநருக்குச் சம்பள அளவே கிடையாது. குடும்பத் தொழிலைப் பிரைவேட் லிமிடெட் ஆக்கி, மகனையும் மருமகளையும் இயக்குநர் ஆக்கி, காரைக் கம்பெனி பெயரில் வாங்கியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சம்பளம் ரூ.3 லட்சமாக இருந்தாலும் கார் கணக்கு வரும். கூட்டு நிறுவனத்தின் பங்குதாரருக்கும் தனி உரிமையாளருக்கும் இந்த விதியே இல்லை, ஏனென்றால் அவர்கள் வாங்குவது சம்பளம் அல்ல. அங்கே அதிகாரி கார் செலவில் சொந்த உபயோகப் பங்கை வியாபாரச் செலவில் இருந்து வெட்டுவார்.

கார் ஊழியர் பெயரில் இருந்தால் கதை தலைகீழ். அங்கே 1,800 என்பது கூட்டும் தொகை அல்ல, கழிக்கும் தொகை. சொந்தக் காருக்குக் கம்பெனி மாதம் ரூ.15,000 பெட்ரோல், பராமரிப்புச் செலவு கொடுத்தால், ஆண்டுக்கு ரூ.1,80,000-ல் ரூ.21,600 போக மிச்சம் ரூ.1,58,400 சம்பளத்தில் கூடும். அதற்கு மேல் கழிக்க வேண்டுமென்றால் மேலே சொன்ன பதிவேடும் சான்றிதழும் வேண்டும். ரூ.4 லட்சம் விலக்கும் இங்கே பொருந்தாது. ஒரே மாதிரி ஓட்டம், ஒரே செலவு, ஆர்.சி. புக்கில் யார் பெயர் என்பதில் இவ்வளவு வித்தியாசம்.

எதைச் சரிபார்ப்பது?

படிவம் 16-ஓடு படிவம் 12பிஏ என்று ஒரு தாள் வரும். சலுகைகளின் விவரம் அதில்தான் இருக்கிறது. கார்களுக்கான வரிசையில் உள்ள தொகையை 12-ஆல் வகுத்துப் பார்த்தால் போதும். 1,800 வந்தால் டிரைவர் இல்லாத சின்ன இன்ஜின். 2,700 என்றால் டிரைவரோடு. 2,400-ம் 3,300-ம் பெரிய இன்ஜினுக்கு. சம்பளப் பிரிவில் அடிக்கடி நடக்கும் தவறுகள் இரண்டு. தானே ஓட்டுகிறவருக்கு டிரைவர் தொகையும் சேர்ப்பது ஒன்று. 1,498 சிசி காரைப் பெரிய இன்ஜின் கணக்கில் போடுவது மற்றொன்று. ஆர்.சி. புக்கிலேயே சிசி அச்சிட்டிருக்கும். ஆண்டு நடுவில்தான் கார் வந்தது என்றால் 12 மாதத்துக்கும் போட்டிருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும்.

தவறு இருந்தால் கணக்கைத் தாக்கல் செய்யும்போது நாமே குறைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பது வம்பு. கம்பெனி காட்டியதும் ஊழியர் காட்டியதும் ஒத்துப்போகாமல் நோட்டீஸ் வரும். கம்பெனியைக் கொண்டே டிடிஎஸ் கணக்கைத் திருத்தச் சொல்லி, திருத்திய படிவம் 16 வாங்குவதுதான் சரியான வழி.

இன்னொன்று. இங்கே சொன்ன தொகைகள் 2026 மார்ச் 31 வரையிலான சம்பளத்துக்கு. ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டம், 2025 நடைமுறைக்கு வருவதால், அதன் பிறகான சம்பளத்துக்கு அந்தச் சட்டத்தின் விதிகளில் உள்ள கார் தொகையை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். 12 லட்சத்து 75 ஆயிரத்தை ஒட்டிச் சம்பளம் வாங்குகிறவர், டிரைவர் வேண்டுமா, ஞாயிற்றுக்கிழமை பெட்ரோல் யார் காசில் என்பதை நிதியாண்டு ஆரம்பத்திலேயே கம்பெனியிடம் எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். பிப்ரவரியில் போய்ச் சொன்னால் அதுவரை ஓடிய பத்து மாதத்துக்கு அது பொருந்தாது.